நான்கு குரலும் ஓர் இருமலும்

கார்ட்டூன் படத்தில் முதலில் பிறப்பது குரல்தான். பலர் இதை நம்புவதில்லை. நண்டை வரைந்து, அதை ஆடவிட்டு, கடைசியில் யாரையாவது கூப்பிட்டுப் பேச வைப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நடப்பது நேர் எதிர். முதலில் ஒருவர் நண்டாகப் பேச வேண்டும். அவர் "அம்மா" என்று எவ்வளவு நேரம் இழுக்கிறாரோ அவ்வளவு நேரத்துக்கு நண்டின் வாயைத் திறந்து வைத்து வரைய வேண்டும். அதனால் குரல் சரியில்லை என்றால் படமே கிடையாது.

2005ஆம் வருடம் நவம்பர் மாதம் என்னிடம் படம் இல்லாமல்தான் இருந்தது.

குயிலாப்பாளையத்தில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்து அசோகன் என்பவர் நடத்திய ஒரு சின்ன நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். வாசல் பலகையில் அனிமேஷன் என்று எழுதியிருக்கும். உள்ளே நடந்ததெல்லாம் கல்யாண ஆல்பம். மாப்பிள்ளை தலையைச் சுற்றி ரோஜாப்பூ வைப்பது, பெண்ணைத் தாமரைக்குள் உட்கார வைப்பது, பின்னால் ஓர் அருவி. இரண்டு வருடத்தில் நானூறு ஜோடியை அருவியில் நனைத்திருப்பேன். அப்போதுதான் அந்த வேலை வந்தது. உப்பளத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்காக ஐந்து நிமிடப் படம் ஒன்று. உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் கெட்டுப்போகாமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும் என்பது கதை. புதுச்சேரியில் ஓர் அமைப்பை நடத்தும் விஜயலட்சுமி மேடம் கொடுத்தது. முதல் படம் பிடித்திருந்தால் இன்னும் பன்னிரண்டு.

"குரல் நம்ம கடற்கரை ஜனங்களோடதா இருக்கணும்மா மலர்கொடி" என்றார் மேடம். "ஆனா ஒண்ணு. நான் கண்ண மூடிக்கிட்டுக் கேப்பேன். எது யாருன்னு எனக்குத் தெரியணும். தெரியலன்னா சென்னையில டப்பிங் பண்றவங்க கிட்ட குடுத்துடுவேன். படத்தையும் அவங்களே போட்டுக்குவாங்க."

அசோகன் அதற்கு மேல் ஒரு வரி சேர்த்தார். "இது போச்சுன்னா நீ அருவிக்கே வந்துடும்மா."

கதையில் நான்கு பேர். பெருமை பிடித்த சூரியன். பயந்தாங்கொள்ளி நண்டு. எல்லாம் தெரிந்த நாரை. நண்டின் அம்மா. இவர்களுக்குப் பின்னால் ஓர் உப்புக் குவியல் எப்போதும் சும்மா நிற்கும். அதற்கு வசனம் கிடையாது.

குரலுக்கு ஆள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. மழை தொடங்கிவிட்டால் மரக்காணம் உப்பளம் தண்ணீருக்குள் போய்விடும். தை பிறக்கும்வரை வேலை இல்லை. கணக்குச் சொல்லும் மேஸ்திரி தட்சணாமூர்த்தியைச் சூரியனுக்குக் கேட்டேன். பாத்தியில் உப்பு வாரும் பாவாடை அண்ணன் நண்டு. அவர் குரல் கொஞ்சம் கீச்சென்று இருக்கும். தலைச்சுமை தூக்கும் லூர்துமேரி அக்காவுக்கு நாரை, நண்டின் அம்மா என்று இரண்டு வேஷம். மூன்று பேருக்கும் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். தாளைக் கையில் கொடுத்தால் குரல் தாளைப் பார்க்குமே தவிர நண்டைப் பார்க்காது. அதனால் வசனத்தை வாயால் சொல்லிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். அந்த முடிவைப் பற்றிப் பின்னால் பேசலாம்.

ஒலிப்பதிவு எங்கள் வீட்டு உள் அறையில். வெறும் அறையில் பேசினால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து மைக்கில் இரண்டாம் முறை நுழையும். கேட்பவருக்குக் கிணற்றிலிருந்து பேசுவது போலிருக்கும். மெத்தையும் ரஜாயும் சத்தத்தை விழுங்கிக்கொள்ளும். ஆகவே வீட்டில் இருந்த நான்கு ரஜாய், அக்கம்பக்கத்து மூன்று ரஜாய், அப்பாவின் மழைக்கால ஜமுக்காளம் எல்லாவற்றையும் கொடி கட்டித் தொங்கவிட்டேன். மின்விசிறியை நிறுத்தினேன். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு விசிறி ஓடுவதால் அதைக் கூடத்தில் வைத்து, மைக் ஒயரை மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே விட்டேன். நானும் கூடத்தில்தான், காதில் ஹெட்போனோடு. ஜன்னல் வழியாக அவர்களைப் பார்க்கலாம்.

மைக், சவுண்ட் சர்வீஸ் அந்தோணிசாமியிடம் வாங்கியது. ஊரில் இருக்கும் எல்லா மைக்கையும் போல அதுவும் கல்யாணம், காது குத்து, கட்சிக் கூட்டம் பார்த்தது. அதன் முன்னால் ஒரு வளையத்தில் பழைய நைலான் தாவணித் துணியை இழுத்துக் கட்டினேன். காரணம், உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துப் "பப்பாளி" என்று சொல்லிப் பாருங்கள். காற்று வந்து அடிக்கும். மைக்குக்கு அது வெடி. துணி அதைத் தடுத்துவிடும், பேச்சை மட்டும் விடும். அடுத்தது தூரம். இன்றைக்குப் பக்கத்தில் நின்று பேசி, நாளைக்குத் தள்ளி நின்று பேசினால் ஒரே நண்டு இரண்டு நண்டாகிவிடும். மைக் கம்பியில் ஒரு நூல் கட்டி, நூல் முனையில் ஒரு கொண்டைக்கடலையைக் கோத்தேன். பேசுவதற்கு முன் கடலை மோவாயில் தொட வேண்டும். அதுதான் அளவு.

முதல் நாள் பாவாடை அண்ணன் உள்ளே போனார். மைக்கைப் பார்த்தார். விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். ஊதினார்.

"மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ. பெரியோர்களே, தாய்மார்களே."

"அண்ணே, நீங்க நண்டு."

"நண்டுன்னாலும் ஒரு வணக்கம் சொல்லணும்ல?"

"நண்டுக்கு வணக்கம் வேணாம். கடலையத் தொடுங்க. நான் சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லுங்க. 'நான் நேராத்தான் நடக்குறேன், பூமிதான் கோணலா இருக்குது.'"

சொன்னார். சொன்னேன் இல்லையா, அப்படியே. எங்கே இழுத்தேனோ அங்கே இழுத்தார், எங்கே நிறுத்தினேனோ அங்கே நிறுத்தினார். எனக்குப் புல்லரித்துப் போயிற்று. பழக்கமில்லாதவர்கள் ஒரு வரிக்கு இருபது முறை எடுப்பார்கள் என்று படித்திருந்தேன். இவர்களோ ஒரே முறையில் முடித்தார்கள். லூர்துமேரி அக்காவும் அப்படியே. மேஸ்திரியும் அப்படியே. ஒரு மத்தியானத்தில் நான்கு பாத்திரங்களும் முடிந்து, மூன்று பேரும் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்குள் ஒரு பெரிய டைரக்டர் இருக்கிறார் என்று அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் என் தம்பி சரவணகுமாரிடம் சொன்னேன்.

"சரி" என்றான் அவன்.

சரவணகுமார் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் அளவு எடுப்பவன். அவன் எதைச் சொன்னாலும் மீட்டர் அளவு சொல்வது போலத்தான் இருக்கும். சந்தோஷம், துக்கம், பசி, சோறு குழைந்துவிட்டது, பெரியப்பா வந்திருக்கிறார், எல்லாம் ஒரே மட்டம்.

திங்கட்கிழமை சி.டி.யோடு புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன். விஜயலட்சுமி மேடம் கண்ணை மூடிக்கொண்டார். பதிவு ஓடத் தொடங்கிய ஒரு நிமிடத்தில் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மறுபடி மூடினார். முடிந்ததும் இரண்டையும் திறந்தார்.

"எல்லாத்தையும் நீங்களே ஏன் பேசினீங்க?"

"நான் பேசலீங்க மேடம். மூணு பேர் பேசினாங்க."

"நண்டு நீங்க. நாரை நீங்க. அம்மா, தூங்கி எழுந்த நீங்க. சூரியன், ஜலதோஷம் பிடிச்ச நீங்க. உங்களுக்கு வரியோட கடைசியில ஒரு தூக்கல் வருது பாருங்க, இப்பக் கூட வருது, அது நாலுத்துக்கும் இருக்குது." கொஞ்சம் யோசித்தார். "சரி, சூரியன் எதுக்கு இருமுது?"

மறுபடி போட்டுக் கேட்டேன். சூரியன் இருமியது. "என்னை யாரும் நிமிர்ந்து பாக்க முடியாது" என்று சொல்லி, ஒரு சின்ன இருமல், பிறகு "தெரியுமா". சொல்லிக் கொடுக்கும்போது எனக்குத் தொண்டையில் ஏதோ சிக்கியது. மேஸ்திரி அதையும் விடவில்லை. அதே இடத்தில், அதே அளவில் இருமியிருந்தார்.

"வியாழக்கிழமை வரைக்கும் பாக்குறேன்" என்றார் மேடம். "அன்னிக்குச் சாயந்திரம் சென்னைக்குப் போன் பண்ணியாகணும்."

இப்போது அந்த முடிவுக்கு வருகிறேன். நடிக்கப் பழகாதவரிடம் வசனத்தை நடித்துக் காட்டக் கூடாது. காட்டினால் அவர் பாத்திரத்தைப் பார்க்க மாட்டார், உங்களைப் பார்த்து உங்களையே திருப்பித் தருவார். இது எங்கேயும் நடக்கும். ஆனால் எங்கள் ஊர் உப்பளத்தில் இது நூறு மடங்காக நடக்கும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

மேஸ்திரி அளத்தில் கூடைக் கணக்குச் சொல்லும் முறை அது. முதல் கூடைக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார், "லாபம்" என்பார். சுமை தூக்குபவர் அதை அதே ராகத்தில் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கூடையைக் கவிழ்க்க வேண்டும். பத்துக்குப் பத்து ராகம் மாறும். இருபதுகளுக்கு ஓர் இழுப்பு, முப்பதுகளுக்கு வேறு. ராகம் பிசகினால் அந்த ஆள் பேச்சில் மயங்கிக் கணக்கைத் தவறவிட்டார் என்று பொருள், கூடை திரும்ப எண்ணப்படும். இருபது வருடமாக ராகத்தை அச்சுப் பிசகாமல் திருப்பிக் கொடுத்தே பழகியவர்களிடம் போய் "அப்படியே திருப்பிச் சொல்லுங்க" என்றிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் மூவரையும் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"நீ சொன்ன மாதிரியேதானம்மா சொன்னோம்" என்றார் மேஸ்திரி. "ஒரு புள்ளி வுடல."

"இருமலக் கூட வுடலியே மேஸ்திரி."

"அது கணக்குல இருந்துச்சு. நான் எப்படி வுடுறது?"

லூர்துமேரி அக்காவுக்குக் கோபம். "இன்னாம்மா மலரு, நல்லா சொன்னா தப்புன்ற. அப்ப தப்பா சொல்லவா?"

"உங்க இஷ்டத்துக்கு, உங்க சொந்தப் பேச்சா சொல்லுங்கக்கா."

'உங்க இஷ்டத்துக்கு' என்பதும் டைரக்டர் சொல்லக் கூடாத ஒன்று என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாதவர் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வார். கையில் கிடைத்தது மைக். நாரை வாக்குக் கேட்டது. நண்டு மறுபடியும் பெரியோர்களே என்றது. சூரியன், கறுப்புக் கண்ணாடியைப் பற்றிப் பேசும்போது, நம்மை விட்டுப் பிரிந்துவிட்ட கண்ணாடி என்பது போலப் பேசியது. மேஸ்திரி சாவு அறிவிப்பும் செய்வார்.

சத்தம் வேறு பெரிய தொல்லை. அளத்தில் பாத்திக்குப் பாத்தி எதிர்காற்றில் கூப்பிட்டுப் பழகிய தொண்டைகள். திரையில் அளவு காட்டும் கோடு சிவப்பில் போய் முட்டிக்கொண்டே இருந்தது. நெல் அளக்கும் மரக்காலில் கோபுரமாகக் குவிந்ததைப் பலகையால் வழித்து விட்டால் மேல் பாகம் போய்விடும் அல்லவா. சத்தம் சிவப்பைத் தொட்டால் அதன் தலையும் அப்படி வழிக்கப்பட்டு, கரகரவென்று ஆகிவிடும். பிறகு எதைப் போட்டும் சரிசெய்ய முடியாது.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டின் மேல் விழும் மழையை எந்த ரஜாயும் விழுங்காது. விடும்வரை காத்திருந்தோம். விட்டது, தவளைகள் தொடங்கின. பாவாடை அண்ணன் வெளியே போய்த் தவளைகளை மிரட்டிவிட்டு வந்தார். ஒரு நிமிடம் அடங்கி இன்னும் இரண்டு ராகத்தில் தொடங்கின. அன்றைக்கு ஒரு வரியும் தேறவில்லை.

புதன்கிழமை எனக்கே தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டு நாளாக ஜன்னல் வழியாகக் கத்தியதன் பலன். வசனம் சொல்ல ஆள் வேண்டும். வீட்டில் அப்போது இருந்தவன் சரவணகுமார் ஒருவன்தான். அன்றைக்கு அவனுக்கு விடுப்பு.

"இத படி. அவங்க திருப்பிச் சொல்லட்டும்" என்று தாளைக் கையில் திணித்து உள்ளே தள்ளினேன்.

கடலையைத் தொட்டுக்கொண்டு லூர்துமேரி அக்கா தயாராக நின்றார். சரவணகுமார் தாளைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாததா ஒத்தக் கால்ல நின்னு அம்பது வருஷ அனுபவம்" என்றான். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எட்டு, நான்கு, ஏழு, இரண்டு என்று சொல்லியிருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அக்கா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"ஏம்பா, இதுல ராகத்தக் காணமே."

"அதான் எழுதியிருக்குது."

"எதத் திருப்பிச் சொல்றது நானு? இன்னொரு வாட்டி சொல்லு."

இன்னொரு வாட்டி சொன்னான். அச்சு அசலாக அதே மட்டம்.

அக்கா ஓர் அடி பின்னால் போய் இடுப்பில் கை வைத்தார். "ஏம்பா, அது எவ்ளோ பெருமையா பேசுது. எல்லாம் எனக்குத்தான் தெரியும்னு பேசுது. நீ என்னமோ கரண்டு கட்டுன்ற மாதிரி சொல்ற. இங்க பாரு. எனக்குத் தெரியாததா? ஒத்தக் கால்ல நின்னு அம்பது வருஷ அனுபவம்." அப்படிச் சொல்லும்போது கழுத்தை ஒரு வெட்டு வெட்டினார்.

ஹெட்போனில் எனக்கு ஒரு நாரை கேட்டது. நான் இல்லை. அக்காவும் முழுக்க இல்லை. ஓர் அசல், அலட்சியமான நாரை.

கட்டிய தொண்டையோடு ஜன்னலுக்கு ஓடினேன். "அக்கா, இவனுக்குப் பேசவே வராதுக்கா. சின்ன வயசுலேருந்து இப்படித்தான். நீங்க மூணு பேரும் இவனுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க. ஒவ்வொரு வரியும்."

சரவணகுமார் என்னைப் பார்த்தான். "சரி" என்றான்.

அதன் பிறகு வேலை ஓடத் தொடங்கியது. அவன் ஒரு வரியைக் கொல்வான், இவர்கள் அதற்கு உயிர் கொடுப்பார்கள். மேஸ்திரிக்குத்தான் அதிக ஆர்வம். நாற்பது வருடத்தில் இவ்வளவு மோசமான ஆளை அவர் வேலைக்கு எடுத்ததே இல்லையாம். மைக் இருப்பதையே மூவரும் மறந்துபோனார்கள். அவன் மட்டும் எழுதியிருந்ததை ஒன்று விடாமல் படித்தான். நடுவில் நான் குறித்து வைத்ததையும் சேர்த்து.

"நண்டு பயத்தில் நடுங்கியபடி பேசுகிறது. அம்மா சூரியன் வருது."

"தம்பி, நடுங்குறதச் சொல்லக் கூடாது, நடுங்கணும்" என்று பாவாடை அண்ணன் நடுங்கிக் காட்டினார்.

உயிர் வந்துவிட்டது. ஆனால் மேடம் கேட்டது வித்தியாசம். மூன்று பேரும் ஒரே ஊர், ஒரே பேச்சு. அக்காவின் நாரையும் அக்காவின் நண்டம்மாவும் அக்கா தங்கை மாதிரி இருந்தார்கள். குரலை மாற்றுங்கள் என்று சொன்னால் பழகாதவர் மூக்கால் பேசுவார், இரண்டு வரியில் மறந்தும் போவார். உடம்பை மாற்றினால் குரல் தானாக மாறும், உடம்பு அப்படி இருக்கும்வரை குரலும் இருக்கும். அக்காவின் தலையில் சும்மாட்டை வைத்து, அதன் மேல் ஒரு கூடையில் அரை மூட்டை அரிசியை வைத்தேன். கழுத்து நிமிர்ந்தது. மூச்சு மேல் நெஞ்சில் நின்றது. குரல் ஒல்லியாக, யாரையும் திரும்பிப் பார்க்காததாக ஆனது. அது நாரை. கூடையை இறக்கி, அக்காவைக் குத்துக்காலிட்டு உட்கார வைத்து, இரண்டு கன்னத்திலும் இரண்டிரண்டு புளியங்கொட்டை.

"முழுங்கிடாதீங்கக்கா."

"மழங்கினா நீழான் வெளிய எழுக்கணும்" என்றார் அக்கா. நண்டின் அம்மா அதே நிமிடம் பிறந்தார்.

மைக்கும் அவரோடு கீழே இறங்கியது, கடலையும்.

மேஸ்திரியைப் பெஞ்சு மேல் ஏற்றி, வரப்பு மேல் நின்று கீழே வேலை செய்பவனைப் பார்ப்பது போலப் பார்க்கச் சொன்னேன். மோவாய் கழுத்தில் இடித்தால் குரல் கனத்துவிடும். "கத்த வேணாம் மேஸ்திரி. சூரியன் கத்துமா? அது வந்தாலே எல்லாரும் எழுந்துக்குறாங்க." அதிலிருந்து அவர் கத்தவே இல்லை. அந்த வாக்கியம் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. வீட்டிலும் அப்படித்தான் பேசுவதாக அவர் மனைவி பிறகு என்னிடம் புகார் சொன்னார்.

பாவாடை அண்ணன் கையில் உப்பு வாரும் பலகை. குனிந்து, பின்னால் பின்னால் போய்க்கொண்டே இழுக்க வேண்டும். பயம் வேண்டும் என்ற இடத்தில் "பயப்படுங்க" என்று சொல்லவில்லை. "வாசல்ல நிறுத்தின உங்க சைக்கிள யாரோ தள்ளிக்கிட்டுப் போறான்" என்றேன். வந்த பயத்தில் வசனமே பாதி விழுங்கப்பட்டது. நன்றாக இருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை அடுத்த வரிக்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒவ்வொருவருக்கும் ஒரு சாவி வரி வைத்தேன். டீ குடித்துவிட்டு வந்தால் முதலில் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும், பழைய பதிவோடு ஒத்துப்போனால்தான் வேலை. வசனத்துக்கு அப்புறம் வெறும் சத்தங்கள். சிரிப்பு, மூச்சு, தும்மல், விழுவது. விழும்போது ஒருவர் போடும் சத்தத்தை வேறு எங்கிருந்தும் கடன் வாங்க முடியாது.

"நண்டு பாத்திக்குள்ள விழுது. விழாதீங்க, சத்தம் மட்டும் குடுங்க."

சரவணகுமார் தாளைப் பார்த்து, "நண்டு விழுகிறது" என்றான்.

பாவாடை அண்ணன் விழுந்துவிட்டார். பின்னால் நடந்த வேகத்தில் பலகை ஜமுக்காளத்தில் மாட்டி, ஜமுக்காளம் கொடியை இழுத்து, ஏழு ரஜாயும் ஒன்றன் பின் ஒன்றாக அவர் மேல் இறங்கின. உள்ளேயிருந்து ஒரு நீண்ட "ஆஆவ்" வந்தது. ரஜாய்க்குள் இருந்ததால் எதிரொலி துளியும் இல்லை. அன்றைய பதிவிலேயே சுத்தமானது அதுதான்.

கடைசியில் முப்பது விநாடி எல்லாரும் பேசாமல் நின்றோம். வெற்று அறையின் சத்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். வரிகளுக்கு நடுவில் வெட்டும் இடத்தில் அதை வைத்து ஒட்டினால்தான் பேச்சு ஓட்டை ஓட்டையாகக் கேட்காது. "இதுல நாங்க என்ன பேசுறோம்?" என்று மேஸ்திரி கேட்டதால் இரண்டாம் முறை நிற்க வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை மேடம் கண்ணை மூடினார். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். சூரியன் பேசியது. இருமவில்லை.

"சூரியன்" என்றார் மேடம். "நாரை. என்னா திமிரு இதுக்கு. இது நண்டு. இது அம்மா, வாயில எதையோ அதக்கிக்கிட்டுப் பேசுது." ஒன்றிலும் தடுமாறவில்லை. அப்போது மேடத்தின் புருவம் சுருங்கியது.

"இவரு யாரு?"

இருநூறு வெட்டுகளில் ஒன்றை விட்டுவிட்டேன். விழும் காட்சிக்கு முன்னால், சரவணகுமாரை எடுக்காமல் விட்டிருந்தேன்.

"நண்டு விழுகிறது" என்றான் அவன், ஸ்பீக்கரிலிருந்து, ஒரே மட்டமாக. அடுத்து "ஆஆவ்".

மேடம் ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினார். மறுபடி கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது சிரிக்க ஆரம்பித்தார். கண் திறக்காமலே சிரித்தார். மேஜையில் கை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

"அந்த உப்புக் குவியல்" என்றார் மூச்சு வாங்கி. "பின்னாடி சும்மா நிக்குதே. இது அதோட குரல்தானே? எல்லாத்தையும் பாத்துக்கிட்டு, ஒண்ணும் பண்ணாம, நடக்குறத மட்டும் சொல்லுது. இது எனக்கு எல்லாப் படத்துலயும் வேணும். பன்னிரண்டுலயும்."

பன்னிரண்டு என்ற சொல் காதில் விழுந்த பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஆமாங்க மேடம், உப்புதான்" என்றேன். வரியின் கடைசியில் வழக்கத்தை விடப் பெரிய தூக்கல்.

அசோகன் என் அருவிப் படங்களை வேறு ஒரு பையனுக்கு மாற்றிவிட்டார். வீட்டுக்கு வந்து சரவணகுமாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் "சரி" என்று சொல்லவில்லை. தலையைச் சீவிக்கொண்டு வந்தான். சட்டை மாற்றியிருந்தான். மைக்குக்கு முன்னால் நின்று, கடலையைத் தொட்டு, ஒரு கையை முன்னால் நீட்டினான்.

"நண்டு..." என்றான், குரல் உடைந்து. "விழுகிறதே."

"சரவணா, சாதாரணமா சொல்லு."

"சாதாரணமாத்தான் சொல்றேன். அந்த நண்டுக்காக நெஞ்சு அடிச்சுக்குது."

இரண்டாம் முறை அழுதான். மூன்றாம் முறை கர்ஜித்தான். இருபத்து நான்கு வருடமாக அவனுக்குள் சேர்த்து வைத்திருந்த ஏற்ற இறக்கமெல்லாம் அந்த ஒரு வரிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மீட்டரை நினைத்துக்கொள் என்றேன். மீட்டரை நினைத்தும் அழுதான். மூன்று பேரும் ஜன்னலில் நின்று பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருந்தான்" என்றார் மேஸ்திரி துக்கமாக. "நாமதான் சொல்லிக் குடுத்துக் கெடுத்துட்டோம்."

அன்று யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். நடிப்பவருக்குத் தான் நடிக்கிறோம் என்று தெரிந்துவிட்டால் தொல்லை என்றால், தெரியாமல் இருக்க வேண்டும். மறுநாள் பாவாடை அண்ணனை மைக்குக்கு முன்னால் நிற்க வைத்து, சரவணகுமாரைக் கூப்பிட்டேன்.

"உன் பங்க அப்புறம் எடுத்துக்கலாம். இப்ப அண்ணனுக்கு வசனம் எடுத்துக் குடு. உப்போட வரியையும் சேத்துப் படி, அவருக்கு எங்க வரணும்னு புரியும்."

"சரி" என்றான், பழைய மட்டத்தில்.

பாவாடை அண்ணன் வாயை மட்டும் அசைத்தார். அவர் முன்னால் இருந்த மைக்கில் ஒயர் கிடையாது. ஒயர் உள்ள மைக் சரவணகுமாருக்குப் பக்கத்தில், கூடைக்குள், ஒரு மெல்லிய துண்டுக்கு அடியில் இருந்தது. கூடை அவன் மோவாயிலிருந்து எவ்வளவு தூரம் என்று லூர்துமேரி அக்கா முன்னமே கடலை நூலால் அளந்து வைத்திருந்தார்.

"சூரியன் மறைகிறது" என்றான். "நண்டு வீட்டுக்குப் போகிறது. நான் இங்கேயே இருக்கிறேன்."

பன்னிரண்டு படமும் அப்படித்தான் முடிந்தது. ஒவ்வொன்று முடியும்போதும் அவன் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, அவன் பங்கை எப்போது எடுக்கப் போகிறோம் என்று கேட்பான். இன்னும் கேட்கிறான்.